மூச்சுத் திணறலை அலுப்பு என்று எழுதியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எனக்குப் பிரசவம் பார்த்த மருத்துவமனையின் நிர்வாகத்தினருக்கும் அதன் மகப்பேறுப் பிரிவு மருத்துவர்களுக்கும்,

என் புகாருக்கு நீங்கள் எழுதிய பதில் வந்து சேர்ந்தது. ஒரே பக்கம். அறுவை சிகிச்சை சிக்கலின்றி முடிந்தது, வீடு திரும்பும்போது தாயும் சேயும் நலமாக இருந்தனர், அதன் பிறகு ஏற்பட்ட இதயக் கோளாறு அரிதானது, முன்கூட்டிக் கணிக்க இயலாதது, ஆகவே மகப்பேறுப் பிரிவின் தரப்பில் குறைபாடு ஏதும் இல்லை, புகார் முடித்துவைக்கப்படுகிறது. கீழே முத்திரை.

கணிக்க இயலாது என்பதை நான் மறுக்கவில்லை. என் புகாரை முழுதாகப் படித்திருந்தால், எனக்கு இந்த நோய் வரப்போகிறது என்று நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று நான் எங்குமே கேட்கவில்லை என்பது தெரிந்திருக்கும். நோய் வந்த பிறகு, மூச்சு முட்டுகிறது என்று சொல்லிக்கொண்டு உங்கள் புறநோயாளிப் பிரிவில் வந்து உட்கார்ந்திருந்தேனே, அப்போது ஏன் பார்க்கவில்லை என்றுதான் கேட்டேன். அந்தக் கேள்விக்கு உங்கள் பதிலில் ஒரு வரிகூட இல்லை. என் இரண்டாவது கேள்வி அடுத்த கர்ப்பம் பற்றியது. அதற்கு, 'இதய மருத்துவரை அணுகவும்' என்ற மூன்று சொல்லோடு முடித்திருக்கிறீர்கள். தனிக் கடிதமாக மறுபடியும் எழுதினால் மறுபடியும் முத்திரைதான் வரும் என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என்னுடைய நோய்க்குப் பெரிபார்ட்டம் கார்டியோமயோபதி என்று பெயர். பேறுகாலத்தையொட்டி இதயத்தின் தசை வலுவிழக்கிற நோய். அதுவரை இதயத்தில் எந்தக் குறையும் இல்லாத பெண்ணுக்கு, கர்ப்பத்தின் கடைசி மாதம் தொடங்கிப் பிரசவமான ஐந்து மாதத்துக்குள் இது வரலாம் என்று 1971 முதல் மருத்துவ நூல்கள் வரையறுத்து வைத்திருக்கின்றன. பெரும்பாலோருக்கு வருவது பிரசவமான முதல் மாதத்தில். இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள இரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதை இ.எஃப். என்று குறிக்கிறார்கள். நல்ல இதயத்தில் அது 55 அல்லது அதற்கு மேல் இருக்கும். இந்த நோயில் 45க்குக் கீழே இறங்கிவிடும். தள்ளப்படாத இரத்தம் பின்னால் தேங்கி, நுரையீரலில் நீர் கோக்கும். அதுதான் மூச்சுத் திணறல்.

யாருக்கு வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் யாரிடம் கொஞ்சம் கூடுதலாகக் கண் வைக்க வேண்டும் என்பது தெரிந்த விஷயம்தான்: முப்பது வயதைக் கடந்தவர்கள், கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறியவர்கள், இரட்டைக் குழந்தை சுமந்தவர்கள். எனக்கு அப்போது வயது 32. ஒன்பதாம் மாதம் இரத்த அழுத்தம் 150/100 ஆகி, சிறுநீரில் புரதமும் தெரிந்து, லேபெட்டலால் மாத்திரை கொடுத்து, 37 வாரம் முடிந்ததும் நீங்களே அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தீர்கள். இவை எல்லாம் உங்கள் கேஸ் ஷீட்டில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கின்றன.

தையலைப் பார்க்க வந்த அன்று, குளியலறைவரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்று சொன்னேன். ஹீமோகுளோபின் பார்த்தீர்கள், 9.4. 'இரத்தம் குறைவு, பிள்ளை பெற்ற உடம்பு, அலுப்பு இருக்கத்தான் செய்யும்' என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதினீர்கள். சீட்டில் 'பிரசவத்துக்குப் பிந்தைய அலுப்பு' என்று இருக்கிறது. நான் அலுப்பு என்று சொல்லவே இல்லை. மூச்சு என்று சொன்னதை எழுதும்போது அலுப்பாக்கியவர் யார் என்று தெரியவில்லை. 9.4 என்பது நம் ஊரில் பிரசவித்த பெண்களில் பலருக்கும் இருக்கிற அளவு. அந்த அளவு இரத்தசோகை படிக்கட்டில் மூச்சு வாங்கவைக்கலாம். ஆனால் ஒரு பெண்ணை மல்லாந்து படுக்க விடாமல் செய்யாது.

ஏனென்றால் அதற்குள் எனக்குப் படுக்கை போய்விட்டிருந்தது. முதலில் இரண்டு தலையணை, பிறகு மூன்று. பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவு. கண்ணயர்ந்து தலை சரிந்தால் இருமல் வந்து எழுப்பிவிடும். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நிற்பேன். 'பனிக்காற்று பச்சை உடம்புக்கு ஆகாது' என்று அம்மா வந்து சன்னலைச் சாத்துவார். சளி பிடித்துவிட்டது என்று சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். கால் வீக்கம் பிரசவமான சில நாளில் வடிய வேண்டியது, எனக்கு நாளுக்கு நாள் ஏறியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. ஓர் அம்மாவுக்கு இதெல்லாம் சளியாகவும் நீராகவும்தான் தெரியும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்குத் தெரியாததால்தான் உங்களிடம் அழைத்து வந்தார்.

அந்த வருகையின்போது பணியில் இருந்தவர் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துப் பார்த்து, 'வீசிங் இருக்கிறது' என்று சொல்லி நெபுலைசர் வைத்தார். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கும்போதும் அதே விசில் சத்தம் கேட்கும் என்பது மருத்துவம் படிக்காத எனக்கு இன்று தெரிகிறது. முன்பின் ஆஸ்துமாவே இல்லாத ஒரு பெண்ணுக்கு, பிரசவமான மூன்றாவது வாரத்தில், திடீரென்று ஏன் வீசிங் வர வேண்டும் என்று யாராவது ஒருவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நெபுலைசரில் இருந்த சால்பியூட்டமால் நாடித் துடிப்பை ஏற்றும் மருந்து. ஏற்கெனவே படபடத்துக்கொண்டிருந்த இதயம் இன்னும் வேகமாக அடித்தது. 'மருந்து வேலை செய்கிறது, அப்படித்தான் இருக்கும்' என்றார்கள்.

சாப்பிட முடியவில்லை, தலை சுற்றுகிறது என்று கடைசியாக வந்த அன்று நீங்கள் செய்ததைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தீர்கள். இரண்டு பக்கமும் வெண்மையாகத் தெரிந்ததை நிமோனியா என்று படித்து ஆன்டிபயாடிக் எழுதினீர்கள். கூடவே, தெம்புக்கு என்று ஒரு பாட்டில் சலைன் ஏற்றச் சொன்னீர்கள். நிரம்பித் தளும்பிக்கொண்டிருக்கும் கண்மாயின் மடையை அடைத்துவிட்டு மேலும் தண்ணீர் திறந்துவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. காய்ச்சல் ஒரு நாள்கூட இல்லாத நிமோனியா. அந்த எக்ஸ்ரேயை இப்போது எனக்கு வைத்தியம் பார்க்கும் இதய மருத்துவர் விளக்குப் பெட்டியில் வைத்துக் காட்டினார். இதயத்தின் நிழல் மார்புக் கூட்டின் அகலத்தில் பாதிக்கு மேல் பரவியிருக்கிறது. அதைக் காண எந்தச் சிறப்புப் பட்டமும் தேவையில்லை, அளவுகோல் போதும். படத்தை நீங்கள் எடுத்தீர்கள், இதயம் அதில் இருந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை.

அன்றிரவு இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தது. 108 வண்டியில் வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இரவுப் பணியில் இருந்தவர் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகளே ஆன இளம் மருத்துவர். என்னை அவர் கேட்ட முதல் கேள்வி, 'படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் சரியாகிறதா?' என்பது. தலையை மட்டும் ஆட்டினேன். கழுத்தைச் சாய்க்கச் சொல்லி, புடைத்திருந்த நரம்பைப் பார்த்தார். கணுக்காலை அழுத்தினார். நாடி 128, ஆக்சிஜன் 86, நிமிடத்துக்கு 36 மூச்சு. பிரசவமாகி எத்தனை வாரம் என்று கேட்டுவிட்டு, சலைன் ஊசியை முதலில் கழற்றச் சொன்னார். பிறகு நீரை வடியவைக்கும் ஃப்யூரோஸ்மைடு ஊசி, முகக்கவசத்தில் அழுத்தத்தோடு ஆக்சிஜன், ஈ.சி.ஜி. இதயம் துடிப்பதை ஒலியலையால் திரையில் காட்டும் எக்கோ கருவி கட்டிலுக்கே வந்தது. இ.எஃப். 28. இதயம் விரிந்திருந்தது. அந்த அறையில் நடந்தது எதற்கும் பெரிய கருவி தேவைப்படவில்லை. எக்கோ உங்கள் கட்டடத்திலும் இருக்கிறது, இரண்டாவது மாடியில். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து அதன் பெயர்ப் பலகை தெரியும்.

அரிதான நோய், சந்தேகம் வருவது கடினம் என்று நீங்கள் சொல்லலாம். களைப்பு, கால் வீக்கம், கொஞ்சம் மூச்சு வாங்குவது எல்லாம் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் உண்டு என்பது உண்மை. அதனால்தான் எந்த இடத்தில் கோடு கிழிப்பது என்று சிலர் உட்கார்ந்து யோசித்து எழுதி வைத்திருக்கிறார்கள். கலிபோர்னியா மாநிலத்தில் பேறுகால இதய நோய்களுக்காக 2017இல் வெளியான கையேடு, கர்ப்பிணியோ பிரசவித்தவரோ இந்த அளவுகளைக் காட்டினால் தாமதமின்றி மருத்துவர் பார்த்து இதயத்தைச் சோதிக்க வேண்டும் என்கிறது: ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத் திணறல், நான்கு தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிற நிலை, நாடி 120 அல்லது அதற்கு மேல், மேல் இரத்த அழுத்தம் 160 அல்லது அதற்கு மேல், நிமிடத்துக்கு 30 மூச்சு அல்லது அதற்கு மேல், ஆக்சிஜன் 94 அல்லது அதற்குக் கீழ். விரலில் மாட்டும் கருவி, கடிகாரம், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, இரண்டு கேள்வி. இவ்வளவுதான் செலவு. நான் உங்களிடம் வந்த நாட்களின் சீட்டுகளில் நாடி ஒரே ஒரு முறைதான் எழுதப்பட்டிருக்கிறது, 118. மூச்சின் எண்ணிக்கை எதிலும் இல்லை. ஆக்சிஜன் அளவும் இல்லை. குழந்தையின் எடை மட்டும் ஒவ்வொரு முறையும் கிராம் கணக்கில் இருக்கிறது.

எக்கோவுக்கு அனுப்பத் தயக்கமாக இருந்தால் இடையில் பி.என்.பி. என்ற இரத்தப் பரிசோதனையும் உண்டு. இதயம் சுமை தாங்காமல் இழுபடும்போது சுரக்கும் பொருள் அது. அளவு இயல்பாக இருந்தால் இதயச் செயலிழப்புக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று விட்டுவிடலாம். ஏறியிருந்தால் எக்கோ கட்டாயம். முடிவைச் சொல்ல வேண்டியது எக்கோதான். மற்றவை அதை நோக்கிப் போக உதவும் வழிகள்.

அங்கே எனக்கு நீர் வடிய மருந்தும், எனலாப்ரில், மெட்டோப்ரோலால், ஸ்பைரனோலாக்டோன் மாத்திரைகளும் தொடங்கினார்கள். இ.எஃப். 35க்குக் கீழே இருந்தால் இதயத்துக்குள்ளேயே இரத்தம் உறைந்து கட்டியாகலாம் என்பதால் உறைவைத் தடுக்கும் ஊசியும் போட்டார்கள். புரோமோகிரிப்டின் என்ற மாத்திரையைப் பற்றி மட்டும் தனியே உட்கார்ந்து பேசினார்கள். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் உடைந்து சிறு துண்டாகி, இதயத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது என்பது இந்த நோய்க்கான காரணங்களில் ஒன்றாக ஆய்வாளர்கள் சொல்வது. அந்தச் சுரப்பை இந்த மாத்திரை அடக்கும், பாலும் நின்றுவிடும். பெரிய அளவில் நிரூபிக்கப்பட்ட வைத்தியம் இல்லை, சிறிய ஆய்வுகளில் பலன் தெரிகிறது, இரத்தம் உறையும் அபாயம் இருப்பதால் ஊசி இல்லாமல் தர மாட்டோம், வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். நான் வேண்டும் என்றேன். தெரிந்ததும் தெரியாததும் இன்னின்ன என்று பிரித்துச் சொல்லிவிட்டு என்னிடம் முடிவைக் கேட்டது, அந்தக் கர்ப்பகாலம் முழுவதிலும் அதுதான் முதல்முறை.

இனி இரண்டாவது விஷயம். உங்கள் பதிலின் அந்த மூன்று சொல்.

குழந்தைக்கு ஒரு வயது நெருங்கும்போது தடுப்பூசிக்காக உங்களிடம்தான் வந்தோம். அப்போது எனக்கு இ.எஃப். 44. குடும்பக் கட்டுப்பாடு பற்றிக் கேட்டேன். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதைச் சொன்னேன், எக்கோ அறிக்கையையும் மேசையில் வைத்தேன். அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், ஈஸ்ட்ரோஜன் கலந்த வழக்கமான கருத்தடை மாத்திரையை எழுதிக் கொடுத்தீர்கள். 'மூன்று வருடம் இடைவெளி விடுங்கள், பிறகு தாராளமாக இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம்' என்றும் சொன்னீர்கள். என் கணவர் அன்று வீடு வரும்வரை சந்தோஷமாக இருந்தார்.

அந்த இரண்டு வாக்கியத்தில் எத்தனை ஆபத்து இருந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும், உடலில் நீரையும் தேக்கும். தளர்ந்த இதயம் உள்ளவருக்கு அது ஆகாது. இன்னொன்று, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த எனலாப்ரில், கர்ப்பத்தில் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுத்துப் பனிக்குட நீரை வற்றவைக்கும் மருந்து. அதைச் சாப்பிடும் பெண் கருத்தரிக்கவே கூடாது, தரிக்க நினைத்தால் முன்பே மருந்தை மாற்ற வேண்டும். மூன்று வருடம் என்ற கணக்குக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை. என் வயிற்றுத் தையல் ஆறுவதற்கான கணக்கு அது. இதயத்தைக் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை வருடம் ஆயிற்று என்பது அல்ல, எந்த அளவுக்குத் தேறியிருக்கிறது என்பதுதான்.

மாத்திரை அட்டையோடு இதய மருத்துவரிடம் போனேன். அவர் அதை வாங்கி மேசையின் இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, 'அடுத்த முறை வீட்டில் முடிவெடுப்பவர் யாரோ அவரையும் அழைத்து வாருங்கள்' என்றார். அத்தையை அழைத்துப் போனேன். ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்துவதா என்று வீட்டில் அதிகம் கேட்டவர் அவர்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவருக்கு ஐந்து பிள்ளைகள், ஐந்தும் வீட்டிலேயே பிறந்தவை. மருத்துவர் அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, எக்கோ திரையில் என் இதயத்தையும், பிறகு தான் வைத்திருந்த வேறொரு நல்ல இதயத்தின் பதிவையும் ஓடவிட்டார். 'இது மூடித் திறப்பதையும் அது மூடித் திறப்பதையும் பாருங்கள், அம்மா' என்றார். அத்தை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். 'இவளுடையது பாதியிலேயே நின்றுவிடுகிறதே' என்றார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

அன்று மருத்துவர் எங்களுக்குச் சொன்னதை ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி அளவு கூடுகிறது, அதைச் சுமப்பது இதயம். இ.எஃப். 50க்கு மேல் திரும்பாத பெண்கள் மீண்டும் கருத்தரிக்க வேண்டாம் என்பதே இதய மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. 2001இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இந்த நோய் வந்து மறுபடியும் கருத்தரித்த 44 பெண்களைக் கவனித்தது. இதயம் தேறிய பிறகு கருத்தரித்தவர்களில் 21 சதவீதம் பேருக்கு இதயச் செயலிழப்பு அறிகுறிகள் திரும்பின, ஆனால் யாரும் இறக்கவில்லை. தேறாமல் கருத்தரித்தவர்களில் 44 சதவீதம் பேருக்குத் திரும்பின, 19 சதவீதம் பேர் இறந்தார்கள். சிறிய ஆய்வு, அமெரிக்கப் பெண்கள். ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது.

'உனக்கு 44, நாளைக்கு 55 ஆனாலும் ஆபத்து குறையும், போகாது' என்றார். தேறியவர் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு மறுபடியும் பெற்றுக்கொள்ள முடிவெடுத்தால் அதற்கும் ஒரு வழிமுறை இருக்கிறதாம். முதலில் எனலாப்ரிலை நிறுத்தி, கர்ப்பத்தில் தரக்கூடிய மருந்துக்கு மாற்றி, சில மாதம் கழித்து எக்கோ எடுத்து, மருந்து மாறியும் இதயம் தளராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கர்ப்பம் முழுவதும் இடைவிடாமல் எக்கோ. பிரசவம், இதய மருத்துவரும் மயக்க மருத்துவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இடத்தில். பிரசவமான பிறகுதான் ஆபத்து அதிகம் என்பதால் முதல் மாதம் வாரந்தோறும் பார்க்க வேண்டும். தேறாத ஒருவர் தவறிக் கருத்தரித்துவிட்டால் மறைக்காமல், தள்ளிப்போடாமல் உடனே வந்து சொல்ல வேண்டும். கருக்கலைப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது, நாள் போகப்போக அதிலும் ஆபத்து கூடுகிறது.

எங்களுக்கு அவர் சொன்ன கருத்தடை வழிகள்: காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, அல்லது என் கணவருக்கு வாசக்டமி. மூன்றாவதைச் சொன்னபோது, 'உங்கள் மனைவியின் இதயத்துக்குத் துளியும் சுமை இல்லாத வழி இதுதான்' என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னார். நம் ஊரில் ஓர் ஆண் மருத்துவர் இன்னோர் ஆணிடம் இப்படி நேராகச் சொல்லிக் கேட்டது அதிசயம். என் கணவர் போய்ச் செய்துகொண்டார். இரண்டு நாள் ஓய்வு, மூன்று மாதம் கழித்து ஒரு விந்துப் பரிசோதனை, முடிந்தது கதை.

ஆக, 'இதய மருத்துவரை அணுகவும்' என்ற உங்கள் மூன்று சொல்லை நீங்கள் சொல்வதற்கு முன்பே நான் நிறைவேற்றிவிட்டேன். ஆனால் எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. பல இடங்களில் இதய மருத்துவர், 'குழந்தை விஷயமா, அதை உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்' என்பார். மகப்பேறு மருத்துவர் திருப்பி அனுப்புவார். இருவருக்கும் நடுவில் ஒரு பெண் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அட்டையோடு நிற்பாள். இப்போது என் இ.எஃப். 48. மாத்திரைகள் தொடர்கின்றன, நிறுத்தலாமா என்பதை என் மருத்துவர் இன்னும் யோசிக்கிறார். என் கதை இவ்வளவுதான். உங்களிடம் கேட்பவை இவை.

கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவமான ஐந்து மாதம்வரை மூச்சுத் திணறல் என்று எந்தப் பெண் வந்து சொன்னாலும், அவர் சொன்ன சொல்லையே சீட்டில் எழுதுங்கள். நாடி, மூச்சின் எண்ணிக்கை, ஆக்சிஜன், இரத்த அழுத்தம் நான்கையும் அளந்து எழுதுங்கள். மல்லாந்து படுக்க முடிகிறதா, இரவில் எழுந்து உட்கார நேர்கிறதா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அன்றே எக்கோ. இரண்டாவது மாடி மூடியிருந்தால் எக்கோ இருக்கும் இடத்துக்கு அன்றே அனுப்பிவையுங்கள். இதயம் சரியாக இருக்கிறது என்று தெரியும்வரை தெம்புக்காகச் சலைன் ஏற்றுவதை நிறுத்துங்கள். இதைப் பணியில் சேரும் ஒவ்வொரு பயிற்சி மருத்துவருக்கும் செவிலியருக்கும் எழுத்தில் கொடுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளில் குழந்தைக்குத் தரும் தடுப்பூசி, பத்தியம், தையல் பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. அதில் தாய்க்காகத் தமிழில் நான்கு வரி சேருங்கள்: படுத்தால் மூச்சு முட்டினால், இரவில் இருமி எழுந்தால், கால் வீக்கம் குறையாமல் ஏறினால், நெஞ்சு படபடத்தால், எந்த நேரமானாலும் வாருங்கள். கூடவே இரவில் யாராவது எடுக்கிற ஒரு தொலைபேசி எண். கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறிய பெண்களை முதல் இரண்டு வாரத்துக்குள் ஒருமுறை கட்டாயம் வரவழைத்து, அவர்களைப் பாருங்கள், குழந்தையை மட்டும் பார்த்து அனுப்பாதீர்கள்.

இந்த நோய் வந்த பெண்ணின் கோப்பின் முகப்பிலேயே அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். கடைசி எக்கோ அறிக்கையைப் படிக்காமல் எந்தக் கருத்தடை மருந்தும் எழுதக் கூடாது என்று விதி வையுங்கள். மகப்பேறு மருத்துவரும் இதய மருத்துவரும் ஒரே நாளில், ஒரே அறையில், கணவரையும் தேவைப்பட்டால் வீட்டுப் பெரியவரையும் உட்காரவைத்து அடுத்த கர்ப்பம் பற்றிப் பேசி, பேசியதை எழுதி இருவரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். என்னிடம் அந்த ஒரு தாள் இருப்பதால்தான் எங்கள் வீட்டில் இன்று சச்சரவு இல்லை.

கடந்த மூன்று ஆண்டுகளில் பிரசவமான பிறகு மூச்சுத் திணறலோடு உங்களிடம் வந்து அலுப்பு, இரத்தசோகை, வீசிங், நிமோனியா என்று எழுதி அனுப்பப்பட்டவர்களின் பதிவுகளை எடுத்துப் பாருங்கள். மூன்று ஆண்டுப் பதிவுகளை நீங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி. அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். எக்கோ எடுக்காதவர்களுக்கு உங்கள் செலவில் எடுங்கள்.

அதே விதி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவருடைய ஆவணங்களைத் தர வேண்டும் என்கிறது. என் புறநோயாளிச் சீட்டுகளின் நகல் கிடைத்துவிட்டது. எக்ஸ்ரே அறிக்கையும், சலைன் ஏற்றிய அன்றைய செவிலியர் குறிப்பும் கேட்டும் இதுவரை தரவில்லை. அவற்றைத் தாருங்கள். 'மகப்பேறுப் பிரிவின் தரப்பில் குறைபாடு ஏதும் இல்லை' என்ற வரியைத் திரும்பப் பெறுங்கள். மேலே கேட்டவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் அனுப்புங்கள். இந்த முறை கீழே முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவரின் பெயரும் கையெழுத்தும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகப்பேறுப் பிரிவில் பிரசவித்த ஒரு பெண்